வேலை போனது யாருக்கு?

செயற்கை நுண்ணறிவு பறிக்கும் வேலைகளைவிட அது உருவாக்கும் வேலைகள் அதிகமாக இருக்குமா? கல்லூரித் தொழில்நுட்ப மன்றத்தில் இந்தத் தலைப்பில் பேச எழும் மாணவருக்கு நான்கைந்து நிமிடங்கள்தான் கிடைக்கும். ஆதரித்துப் பேசுபவர் பெரும்பாலும் உலகப் பொருளாதார மன்றத்தின் 2025ஆம் ஆண்டு அறிக்கையில் தொடங்குவார். 2030க்குள் 17 கோடிப் புதிய வேலைகள் வரும், 9.2 கோடி வேலைகள் போகும் என்கிறது அது. கழித்துப் பார்த்தால் 7.8 கோடி லாபம். வாதம் முடிந்துவிட்டது போலத் தோன்றும்.

முடியவில்லை. பசுமை எரிசக்தி, மக்கள்தொகை மாற்றம், விலைவாசி என எல்லாக் காரணங்களையும் சேர்த்துப் போட்ட கணக்கு அது. செயற்கை நுண்ணறிவும் தகவல் செயலாக்கமும் மட்டும் உருவாக்குவது 1.1 கோடி வேலைகள், பறிப்பது 90 லட்சம் என்று அதே அறிக்கை தனியாகச் சொல்கிறது. இடைவெளி அவ்வளவு குறுகல். அதுவும் நிறுவனங்களைக் கேட்டுத் திரட்டிய எதிர்பார்ப்புதான். நடந்து முடிந்ததை எண்ணிய கணக்கு அல்ல. நடந்து முடிந்த ஒன்றைப் பார்க்க வேண்டுமானால் நூறு ஆண்டுகள் பின்னால் போக வேண்டும்.

1920களின் தொடக்கத்தில் அமெரிக்க இளம்பெண்கள் அதிகம் பார்த்த வேலைகளுள் ஒன்று தொலைபேசி ஆபரேட்டர் வேலை. அழைப்பவர் எண்ணைச் சொல்ல, பலகை முன் அமர்ந்திருக்கும் பெண் கம்பியைச் செருகி இணைப்புக் கொடுப்பார். ட்ரங்க் கால் பதிவு செய்துவிட்டுக் காத்திருந்த தலைமுறைக்கு அந்தக் குரல் நினைவிருக்கும். கையால் இணைக்காமல் தானாகவே இணைக்கும் கருவிக்கு அல்மன் ஸ்ட்ரோஜர் 1891லேயே காப்புரிமை பெற்றுவிட்டார். ஆனால் ஏ.டி.&டி. நிறுவனம் சுமார் 1920 முதல்தான் அதைப் பெரிய அளவில் நகரம் நகரமாகப் புகுத்தியது. சந்தாதாரர்கள் பெருகப் பெருக ஒரு இணைப்பகத்திலிருந்து இன்னொன்றுக்கு அழைப்பை மாற்றிக் கொடுக்கும் வேலை மலைபோல் குவிந்ததே காரணம். ஒரு நகரம் புதிய முறைக்கு மாறும்போது பெரும்பாலும் ஒரே இரவில் மாறியது. மறுநாள் அத்தனை ஆபரேட்டர்கள் தேவைப்படவில்லை.

அந்தப் பெண்கள் பிறகு என்ன ஆனார்கள்? ஜேம்ஸ் ஃபைகன்பாம், டேனியல் கிராஸ் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏடுகளில் அவர்களைத் தேடிப் பின்தொடர்ந்தார்கள். இரண்டு விடைகள் கிடைத்தன. அடுத்து வேலை தேடி வந்த இளம்பெண்களுக்குப் பாதிப்பு இல்லை. ஆபரேட்டர் பலகைக்குப் பதிலாக அலுவலகத் தட்டச்சு, செயலர் பணி, உணவகம் என்று அவர்கள் போனார்கள். மொத்த எண்ணிக்கை குறையவில்லை. ஆனால் ஏற்கெனவே ஆபரேட்டராக இருந்தவர்களில் பலர் பத்து ஆண்டுகள் கழிந்தும் மீளவில்லை. வேலையை விட்டே போனவர்கள் அதிகம். வேலையில் தொடர்ந்தவர்களும் குறைந்த கூலிக்கு இறங்கியிருந்தார்கள்.

மன்றத்தில் எழுந்து பேசும் மாணவர் கையில் எடுக்க வேண்டியது இந்தக் கதையைத்தான். இரண்டு அணிகளுக்குமே இதில் பாதி உண்மை இருக்கிறது. "அதிகம்" என்ற சொல் மொத்தத்தை எண்ணுகிறது. தட்டச்சு மேசையில் புதிதாக உட்கார்ந்த பெண்ணும், பலகையை விட்டுப் போன பெண்ணும் வேறு வேறு ஆட்கள் என்பது அந்த எண்ணில் தெரியாது.

இம்முறை அடி வேறு இடத்தில் விழுவது போலிருக்கிறது. 2025 ஆகஸ்டில் ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அமெரிக்கச் சம்பளப் பட்டியல்களை ஆராய்ந்து ஒரு முடிவை வெளியிட்டார்கள். மென்பொருள் எழுதுதல், வாடிக்கையாளர் சேவை போன்று செயற்கை நுண்ணறிவு எளிதில் நுழையும் தொழில்களில், 22 முதல் 25 வயதுக்காரர்களின் வேலைவாய்ப்பு மற்றவர்களோடு ஒப்பிட 13 சதவீதம் சரிந்திருந்தது. அதே தொழில்களில் அனுபவசாலிகளின் எண்ணிக்கை நிலையாக இருந்தது, அல்லது கூடியது. ஆபரேட்டர் கதையில் புதியவர்கள் தப்பினார்கள், இருந்தவர்கள் விழுந்தார்கள், இங்கே தலைகீழ். புத்தகத்தில் படித்ததை இயந்திரமும் படித்துவிட்டது, வேலை செய்து கற்றதை அது இன்னும் எட்டவில்லை என்பது அந்த ஆய்வாளர்கள் தரும் விளக்கம்.

இதைச் சொல்லும் மாணவர் அதன் எல்லையையும் சேர்த்துச் சொல்வது நேர்மை. இது ஒரு நாட்டின் தரவு, சில ஆண்டுகளின் தரவு. பெருந்தொற்றுக் காலத்தில் மென்பொருள் நிறுவனங்கள் அளவுக்கு மீறி ஆள் எடுத்ததும், பிறகு வட்டி விகிதம் ஏறியதும் அந்தச் சரிவில் பங்கு வகித்திருக்கலாம்.

ஆனால் ஒரு தடயம் கவனிக்கத்தக்கது. செயற்கை நுண்ணறிவு ஆளுக்குப் பதிலாக முழு வேலையையும் செய்துவிடும் தொழில்களில்தான் இளைஞர்கள் குறைந்திருக்கிறார்கள். ஆளுக்குத் துணையாக மட்டும் நிற்கும் தொழில்களில் அப்படிக் குறையவில்லை. நோயாளிகளைப் பராமரிக்கும் உதவியாளர் வேலையில், அதே 22 வயதுக்காரர்களின் எண்ணிக்கை கூடியிருக்கிறது.