தொலைவில் கணினி, பக்கத்தில் பிரிண்டர்

வீட்டிலிருந்தபடி ரிமோட் டெஸ்க்டாப் வழியாக அலுவலக சர்வரில் நுழைந்து டேலியில் பில் போடுகிறார் ஒரு கணக்காளர். பிரிண்ட் கொடுத்த பில் அவர் மேசையிலுள்ள பிரிண்டரில் வர வேண்டும். ஆனால் டேலி ஓடுவது அலுவலகத்தில். வீட்டுப் பிரிண்டர் இருப்பதே அந்த சர்வருக்குத் தெரியாது. இணைப்பு ஏற்படும்போது நம் கணினிதான் அதை அறிமுகப்படுத்துகிறது.

அந்த அறிமுகம் நடக்க, இணைப்பதற்கு முன்பே `mstsc` திரையில் Show Options, பிறகு Local Resources போய் Printers கட்டத்தில் டிக் வைத்திருக்க வேண்டும். இணைந்த பிறகு சர்வரின் பிரிண்டர் பட்டியலில் `EPSON L3210 (redirected 4)` என்பது போன்ற பெயர் தெரியும். விண்டோஸ் சர்வர் 2008-க்கு முன்பெல்லாம் ஒவ்வொருவர் வீட்டுப் பிரிண்டருக்கும் உரிய டிரைவர் சர்வரில் இருந்தாக வேண்டும். அந்தப் பதிப்பில் வந்த ஈஸி பிரிண்ட் முறை இந்தத் தொல்லையைப் பெரும்பாலும் தீர்த்தது. பில் சர்வரில் பொதுவான எக்ஸ்பிஎஸ் வடிவத்துக்கு மாறி, அதே ரிமோட் இணைப்பில் வீட்டுக்கு வருகிறது. இங்குள்ள டிரைவர் அதை அச்சிடுகிறது.

பெயரின் கடைசியில் உள்ள 4-ஐக் கவனிக்க வேண்டும். அது செஷன் எண். லாக் ஆஃப் செய்ததும் அந்தப் பிரிண்டரும் மறைந்துவிடும். நாளை நுழையும்போது எண் 7 ஆகலாம். நேற்றைய பெயரை அப்படியே நினைவில் வைத்திருக்கும் மென்பொருள் அதைக் காணாமல் வேறொரு பிரிண்டரைப் பிடித்துக்கொள்ளும். ‘நேற்று வந்தது, இன்று வரவில்லை’ என்ற புகார்களில் பலவற்றுக்கு இதுதான் காரணம். சம்பளப் பட்டியல் அலுவலகத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி வந்து விழுந்தால் என்ன ஆகும்? அதனால் முக்கியமான தாளை அச்சிடும் முன் பிரிண்டர் பெயரை ஒருமுறை படித்துப் பார்ப்பது நல்லது.

பட்டியலில் பெயரே இல்லையென்றால் முதலில் டிக்கைப் பாருங்கள். அது சரியாக இருந்தும் தெரியாவிட்டால், சர்வரின் குரூப் பாலிசியில் Do not allow client printer redirection இயங்குகிறதா என்று நிர்வாகியிடம் கேளுங்கள். பிரிண்ட் ஸ்பூலர் சேவை நின்றிருக்கவும் வாய்ப்புண்டு. பலர் சேர்ந்து வேலை செய்யும் சர்வரில் அதை மறுபடி தொடங்கினால் மற்றவர்களின் அச்சு வேலையும் தடைப்படும் என்பதால் அதையும் நிர்வாகியே செய்யட்டும்.

டாட் மேட்ரிக்ஸ் வைத்திருப்பவர்களுக்குத்தான் கூடுதல் சிரமம். ஈஸி பிரிண்ட் எழுத்துகளையும் படம்போல அனுப்புவதால், சரசரவென்று அடிக்க வேண்டிய பில் ஊர்ந்து வரும். அந்தப் பிரிண்டரின் டிரைவரை அதே பெயரில் சர்வரிலும் நிறுவி, ஈஸி பிரிண்டுக்கு முன்னுரிமை தரும் பாலிசியை அணைத்தால் வேகம் திரும்பும். அவசரமென்றால் பில்லை பிடிஎஃப் ஆக்கி, காப்பி செய்து, வீட்டுக் கணினியில் பேஸ்ட் செய்து அங்கிருந்தே அச்சிடலாம்.