தம்புராவோடு ஒத்துப்போகாத காந்தாரம்

ஆர்மோனியத்தின் மேல்பலகையைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே பித்தளை ரீடுகள் வரிசையாகப் பதிந்திருக்கும். ஒவ்வொன்றும் ஒரு தகடு. அதன் நடுவே நீளமான ஒரு வெட்டு, அந்த வெட்டுக்கு மேலே ஒரு முனை மட்டும் அறையப்பட்ட மெல்லிய பித்தளை நாக்கு. துருத்திக் காற்று அந்த இடுக்கு வழியாகப் போகும்போது நாக்கு துடிக்கிறது. அந்தத் துடிப்புதான் ஸ்வரம். சுருதியைக் கொஞ்சம் ஏற்ற வேண்டுமானால் நாக்கின் நுனியைச் சுரண்டுவார்கள். நுனி கனம் குறைந்தால் வேகமாகத் துடிக்கும். இறக்க வேண்டுமானால் அறையப்பட்ட அடிப்பக்கத்தைச் சுரண்டுவார்கள். அங்கே மெலிந்தால் நாக்கு தளர்ந்து மெதுவாகத் துடிக்கும். சுரண்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது. வாசிப்பவர் நடுவில் எதையும் மாற்றவும் முடியாது. கச்சேரி மேடையில் இந்தப் பெட்டியைப் பற்றி எழுந்த வழக்கு முழுவதும் இந்த நாக்கில்தான் தொடங்குகிறது.

பாரிஸில் அலெக்ஸாந்தர் தெபேன் 1840களின் தொடக்கத்தில் காப்புரிமை பெற்ற ஆர்மோனியம், நாற்காலியில் உட்கார்ந்து காலால் துருத்தியை மிதித்து, இரண்டு கையாலும் வாசிக்கும் மேசை வாத்தியம். மிஷனரிகளோடும் ஐரோப்பிய வீடுகளோடும் அது இந்தியாவுக்கு வந்தது. கொல்கத்தாவில் துவார்கின் கடையை நடத்திய துவாரகாநாத் கோஷ் 1880களில் அதைத் தரைக்கு இறக்கினார். துருத்தி பெட்டியின் முதுகுக்கு வந்தது. இடது கை அதை அசைக்க, வலது கை மட்டும் வாசித்தது. நம் சங்கீதத்தில் ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம் போதும் என்பதால் ஒரு கையை இழந்ததில் நஷ்டம் ஒன்றும் இல்லை. பாய் விரித்து உட்காரும் எந்த இடத்துக்கும் பெட்டி போக முடிந்தது.

தமிழ்நாட்டில் அது முதலில் ஆட்சி செய்த இடம் நாடக மேடை. ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் கடைசி வரிசைக்கும் கேட்கப் பாடவேண்டிய நடிகர்களுக்குச் சத்தமான துணை தேவைப்பட்டது. எஸ்.ஜி. கிட்டப்பாவுக்கு அவருடைய அண்ணன் காசி ஐயரே ஆர்மோனியம். அந்தப் பழக்கத்தின் மிச்சம் இன்றைக்கும் இருக்கிறது. ஆர்மோனியத்தைத் தொடவே தொடாத கர்நாடக வித்வான்கூடத் தன் சுருதியை அதன் கட்டைகளை வைத்துத்தான் சொல்கிறார்: ஒரு கட்டை, இரண்டரைக் கட்டை, ஐந்தரைக் கட்டை.

சரி, அதன் சுருதியில் என்ன தவறு? ஸ்தாயியைச் சரிசமமான பன்னிரண்டு இடைவெளிகளாகப் பங்கிடுவதுதான் பியானோவின் முறை. கடை ஆர்மோனியமும் பெரும்பாலும் அப்படித்தான் சுரண்டப்பட்டிருக்கும். தம்புராவுக்கு இந்தப் பங்கீடு தெரியாது. அதன் தந்தி ஒன்றை மீட்டினால் ஸட்ஜம் மட்டும் ஒலிப்பதில்லை. அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு, ஐந்து மடங்கு அதிர்வுகளும் கூடவே எழும். அந்த ஐந்தாவது மடங்குதான் அந்தர காந்தாரம். நன்றாகச் சேர்த்த தம்புராவில் யாரும் பாடாமலே காந்தாரம் கேட்கும். சுயம்பு காந்தாரம் என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான்.

கணக்குக்கு வசதியாக ஸட்ஜம் விநாடிக்கு 240 அதிர்வு என்று வைத்துக்கொள்வோம். தம்புராவிலிருந்து எழும் காந்தாரம் 1200. அதற்கு இரண்டு ஸ்தாயி கீழே, பாடகர் பாடவேண்டிய காந்தாரம் 300. சமப் பங்கீட்டு ஆர்மோனியம் தரும் காந்தாரமோ 302.4. இரண்டே சொச்சம் அதிர்வுதானே என்று தோன்றும். ஆனால் ரீடும் தன் மடங்குகளை எழுப்புகிறது. அதன் நான்காவது மடங்கு 1209.5, தம்புராவின் 1200க்குப் பக்கத்தில் அது வந்து நிற்கும்போது விநாடிக்கு ஒன்பது, பத்து முறை ஒலி பெருத்துச் சிறுத்து நடுங்குகிறது. அந்த நடுக்கத்தைத்தான் காது அபசுருதி என்கிறது. பஞ்சமத்தில் இந்தத் தொல்லை இல்லை. சரியான பஞ்சமம் 360, ஆர்மோனியத்தினுடையது 359.6; நடுக்கம் விநாடிக்கு ஒன்றுகூட வராது. ஆகவே பெட்டி எல்லா ஸ்வரத்திலும் பொய் சொல்லவில்லை. காந்தாரம், தைவதம், நிஷாதம் பக்கம்தான் தடுமாறுகிறது.

வீட்டில் பெட்டி இருப்பவர்கள் இதைச் சோதிக்கலாம். தம்புராவை, அல்லது கைபேசியில் தம்புரா ஒலியை, நன்றாகச் சேர்த்துக்கொண்டு ஸட்ஜக் கட்டையை அதோடு அழுத்துங்கள். பிறகு பஞ்சமம். பிறகு அந்தர காந்தாரத்தை அசையாமல் பத்து விநாடி பிடியுங்கள். முதல் இரண்டும் தம்புராவுக்குள் கரையும். மூன்றாவது கரையாமல் மேலே மிதக்கும்.

அப்படியானால் ரீடைச் சுரண்டிக் காந்தாரத்தை 300க்கு இறக்கிவிட்டால் ஆயிற்றே? ஆயிற்று, ஒரே ஒரு பாடகருக்கு. 240ஐ ஸட்ஜமாக வைத்து ஏழு ஸ்வரத்தையும் சுத்தமாகச் சேர்த்தால் ரிஷபம் 270, தைவதம் 400 என்று அமையும். அடுத்த நாள் சற்று மேல் சுருதிக்காரர் வருகிறார். ரிஷபக் கட்டையை ஸட்ஜமாக எடுக்கிறார். அவருடைய பஞ்சமம் 405 ஆக இருக்கவேண்டும். பெட்டியில் அந்த இடத்தில் உட்கார்ந்திருப்பதோ நேற்றைய தைவதம், 400. ஸட்ஜத்தின் மூன்றாவது மடங்கு 810, இந்தப் பஞ்சமத்தின் இரண்டாவது மடங்கு 800. விநாடிக்குப் பத்து நடுக்கம். காந்தாரத்தைக் காப்பாற்றப் போய்ப் பஞ்சமத்தையே பறிகொடுத்தோம். காந்தாரம் கொஞ்சம் ஏறியிருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். கெட்ட பஞ்சமத்தோடு யாராலும் பாட முடியாது. யார் வந்தாலும் எந்தக் கட்டையிலும் சுமாராகப் பாடலாம் என்பதற்காகத்தான் சமப் பங்கீடு, எல்லா இடத்திலும் கொஞ்சம் தவறி, எந்த இடத்திலும் முழுக்கக் கெடாமல் நிற்கிறது. ஸ்கேல் சேஞ்சர் பெட்டி வாங்கினால் தீருமா என்று கேட்பவர்கள் உண்டு. தீராது. அதில் கட்டைகள்தான் இடம் பெயர்கின்றன, ரீடுகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. சொல்லப்போனால் அந்தப் பெட்டிக்குத்தான் சமப் பங்கீடு இன்னும் கட்டாயம்.

இருபத்திரண்டு சுருதிகளுக்கும் ரீடு வைத்த ஆர்மோனியங்களைச் செய்து பார்த்தவர்களும் உண்டு. பம்பாய் மாகாணத்தில் அதிகாரியாக இருந்த கிளெமெண்ட்ஸும், அவரோடு உழைத்த தேவலும் 1910களில் அதற்காக வாதாடினார்கள். நம் நாளில் மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த மருத்துவர் வித்யாதர் ஓக் அப்படி ஒரு பெட்டியை உருவாக்கியிருக்கிறார். சுருதிக் குறை அதில் தீரலாம். ஆனால் வழக்கில் இரண்டாவது குற்றச்சாட்டு ஒன்று இருக்கிறது. என் கணிப்பில் அதுதான் கனமானது. கணக்குப் போட வசதியாக இருந்ததால் முதல் குற்றச்சாட்டுதான் அதிகம் பேசப்பட்டது.

சங்கராபரணத்தின் காந்தாரத்தை நிறுத்திப் பிடிக்கலாம். அங்கே பெட்டி ஏறியிருப்பது உறுத்தும், ஆனால் ராகம் தெரியும். தோடிக்கு வாருங்கள். அதன் சாதாரண காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதே இல்லை. மத்தியமத்தை நோக்கி ஏறி இறங்கி அசைந்துகொண்டே இருக்கும். அந்தக் கட்டையை எவ்வளவு துல்லியமாகச் சுரண்டி வைத்து அழுத்தினாலும் தோடி வராது. இரண்டு கட்டைகளுக்கு நடுவில் ஒலியே கிடையாது. அசைவு முழுவதும் அந்த நடுவில்தான் நடக்கிறது. இருபத்திரண்டு ரீடு வைத்தாலும், ஐம்பது வைத்தாலும் அவை படிகள்தாம். வயலினில் விரல் வழுக்கிப் போகும் வசதி இருந்ததால் அதுவும் ஐரோப்பாவிலிருந்து வந்ததாக இருந்தும் கர்நாடகக் கச்சேரியில் பக்கவாத்தியமாக உட்கார்ந்துவிட்டது. ஆர்மோனியம் வெளியிலேயே நின்றது.

இந்த இரண்டு குற்றச்சாட்டும் சேர்ந்துதான் வானொலிக் கதவை அடைத்தன. டெல்லி நிலையத்தில் மேற்கத்திய இசைப் பிரிவைக் கவனித்த ஆங்கில இசையமைப்பாளர் ஜான் ஃபோல்ட்ஸ் 1938இல் வானொலி இதழிலேயே பெட்டியைத் தாக்கி எழுதினார். 1940 ஜனவரியில் தாகூர் கொல்கத்தா நிலையத்துக்கு, இதை ஒழித்தால் நல்லது என்ற கருத்தில் கடிதம் அனுப்பினார். அந்த ஆண்டு மார்ச் 1 முதல் அகில இந்திய வானொலியில் ஆர்மோனியத்துக்குத் தடை. வெள்ளைக்காரர் கொண்டுவந்த வாத்தியத்தை விலக்கும்படி ஒரு வெள்ளைக்காரரும் எழுதினார் என்பது இந்தக் கதையின் வேடிக்கை. சுதந்திரம் வந்தும் தடை நீங்கவில்லை. 1970இல் ஒரு கருத்தரங்கு கூட்டி விவாதித்த பிறகு, 1971இல்தான் பக்கவாத்தியமாக மட்டும், அதுவும் வரம்புகளோடு, உள்ளே விட்டார்கள்.

வானொலி மூடிவைத்த அந்த முப்பது ஆண்டுகளில் இந்துஸ்தானி மேடை அதைக் கைவிடவில்லை. அங்கே நல்ல சங்கதக்காரர்கள் பெட்டியின் குறையை மறைத்து வாசிக்கும் வழிகளைக் கண்டுபிடித்திருந்தார்கள். பாடகர் ஒரு ஸ்வரத்தில் நிற்கும்போது அவரோடு அதே ஸ்வரத்தை உரக்கப் பிடிப்பதில்லை. துருத்தியைத் தளர்த்தி ஒலியைத் தேய விடுவார்கள். மீண்ட் வந்தால் அதன் தொடக்கத்தையும் முடிவையும் தொட்டு, நடுவில் பக்கத்துக் கட்டைகளை விரல் பட்டும் படாமலும் வருடிப் போவார்கள். கேட்பவர் காதில் இருப்பது பாடகரின் குரல் போட்ட வழுக்கல்தான். தனக்கென்று நிலையான ஸட்ஜம் உள்ள கலைஞர்கள் அந்த ஒரு சுருதிக்கே ரீடுகளைச் சுத்தமாகச் சேர்த்து வைத்துக்கொள்வதும் உண்டு.

பஜனை மடத்தில் இந்தச் சிக்கல் எதுவும் எழுவதில்லை. நாமசங்கீர்த்தனத்தில் தம்புரா இருந்தாலும் ஜால்ராவுக்கும் மிருதங்கத்துக்கும் நடுவில் அது கேட்காது. சுயம்பு காந்தாரம் காதில் விழாதபோது அதோடு மோதி நடுங்க எதுவும் இல்லை. ஐம்பது குரல் கலந்த கூட்டத்துக்கு எந்த ஸ்தாயியில் எங்கே எடுப்பது என்று தெரிந்தால் போதும். பெட்டி அதை ஓங்கிச் சொல்கிறது, கூட்டம் அந்தக் காந்தாரத்தையே தன் காந்தாரமாக எடுத்துக்கொள்கிறது. கவ்வாலிக்கும் இதே கணக்குத்தான்.

பக்தி இசையில் எதிர்ப்பு கிளம்பியது வேறு காரணத்தால். சீக்கியரின் உயர்பீடமான அகால் தக்த், அமிர்தசரஸ் பொற்கோயில் கீர்த்தனையிலிருந்து ஆர்மோனியத்தை மூன்று ஆண்டுகளுக்குள் விலக்கிவிட்டுப் பழைய தந்தி வாத்தியங்களைக் கொண்டுவரும்படி 2022இல் சொன்னது. குருநானக் பாட மர்தானா ரபாப் வாசித்த மரபு அது. அங்கே பேச்சு மரபைப் பற்றியது. நடைமுறையில் இடறுவது மட்டும் பழைய இடமேதான். ஆர்மோனியக்காரருக்கு ஸ்வரங்கள் முன்பே சேர்த்து வைக்கப்பட்டிருப்பதால் பாடிக்கொண்டே வாசிக்கலாம். தில்ரூபாவில் வலது கை வில்லைப் பிடிக்க, இடது கை விரல் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் இடம் தேட வேண்டும். தேடிக்கொண்டே பாடவும் வேண்டும். அந்த வித்தைக்கு ராகிகளைப் பழக்கப் பல ஆண்டுகள் பிடிக்கும்.