பழைய திட்டம் எங்கே உயிரோடு இருக்கிறது?

ஜூன் 10 காலை வங்கியிலிருந்து குறுஞ்செய்தி: 1,200 ரூபாய் எடுக்கப்பட்டது. போன வருடம் இதே நாளில் போட்டோக்களைச் சேமிக்க 100 ஜிபி கிளவுட் இடத்துக்கு வருடச் சந்தா கட்டியிருந்தேன். அது போதாமல் நவம்பரில் 2 டிபி திட்டத்துக்கு மாறி, மாதாமாதம் தனியாகப் பணம் கட்டி வருகிறேன். பெரிதாக்கியபின் சின்னதற்கு எதற்குப் பணம்?

கோபத்தில் எழுதிய முதல் கடிதத்துக்கு, "இந்தத் தொகையை நாங்கள் வசூலிக்கவில்லை" என்று சேமிப்பு நிறுவனம் பதில் போட்டது. எரிச்சலாக இருந்தாலும் உண்மைதான். பழைய சந்தாவைப் போனில், ஆப் ஸ்டோர் வழியாக எடுத்திருந்தேன். புதியதைக் கணினியில், நிறுவனத்தின் இணையதளத்திலேயே கார்டு போட்டு வாங்கினேன். ஒரே வழியில் மாறியிருந்தால் பழையது தானாக முடிந்திருக்கும். இரண்டு வழி என்றால் ஒன்றில் நடப்பது மற்றதற்குத் தெரியாமல் போகலாம். பணம் எடுத்தது யார் என்பதை ரசீது மின்னஞ்சல் சொல்லிவிடும். என் ரசீதை அனுப்பியது ஆப் ஸ்டோர்.

எனவே இரண்டாம் கடிதம் அங்கே போனது. எழுதுமுன் ஒன்றைச் சரிபார்த்தேன். கார்டிலோ யு.பி.ஐ.யிலோ தானாகப் பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே தகவல் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. தகவல் வந்துதான் இருந்தது, விளம்பர மின்னஞ்சல்களுக்கு நடுவே. ஆகவே "சொல்லாமல் எடுத்தீர்கள்" என்று எழுதவில்லை. அந்த ஒரு பொய் போதும், மற்றதையும் நம்பமாட்டார்கள்.

"ஐயா, ஜூன் 10 அன்று 100 ஜிபி திட்டத்துக்கு ரூ.1,200 எடுக்கப்பட்டுள்ளது. ஆர்டர் எண் கீழே உள்ளது. நவம்பரிலிருந்து இதே கணக்கில் 2 டிபி திட்டத்துக்கு நேரடியாகப் பணம் கட்டி வருகிறேன். அதன் ரசீதையும் இணைத்துள்ளேன். என் கணக்கின் மொத்த இடம் 2 டிபி மட்டுமே, 100 ஜிபி அதில் கூடவில்லை. புதுப்பித்த திட்டத்தால் எனக்கு எந்தச் சேவையும் கிடைக்கவில்லை. சந்தாவை இன்று ரத்து செய்துவிட்டேன். முழுத் தொகையையும் திருப்பித் தரவும்."

கடிதத்தின் உயிர் அந்த 2 டிபி வரியில்தான். கணக்குப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட் அதற்குச் சாட்சி. ரத்து செய்ததும் முக்கியம்; ஆப்பை நீக்கினால் மட்டும் சந்தா நிற்காது. அன்றே எழுதியதும் நல்லதாயிற்று. ஸ்டோர்கள் நாள் கணக்குப் பார்க்கும்.

வங்கியிடம் போய்ப் பணத்தை மறுத்துவிடு என்றார் நண்பர். தயங்கினேன். அப்படிச் செய்தால் கணக்கையே முடக்கிவிடக்கூடும், உள்ளே பத்து வருடப் போட்டோக்கள். ஸ்டோர் மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போகலாம் என்று வைத்திருந்தேன். தேவைப்படவில்லை. ஆறாம் நாள் பணம் திரும்பியது, ஒரு வரி விளக்கமும் இல்லாமல்.