200 மீட்டர் தள்ளி நிற்கும் சதுப்புநிலம்

பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் பழைய எல்லை என்று சொல்லி ஒருவர் உங்களுக்கு ஒரு கோப்பு அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். பெயர் `marsh_final2.shp`. கியூஜிஐஎஸ் மென்பொருளில் திறந்து, இன்றைய செயற்கைக்கோள் படத்தின் மேல் வைக்கிறீர்கள். எல்லைக்கோட்டுக்குள் இரண்டு தெரு வீடுகள் விழுகின்றன. சதுப்பில் கட்டிய வீடுகளா, கோடு தவறா? எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் படம் பதில் சொல்லாது. வரைந்தவர் அந்த லேயரோடு எழுதிவைத்த குறிப்புதான் சொல்லும். மெட்டாடேட்டா என்பது அந்தக் குறிப்புதான். நம் கோப்பில் அது இல்லை.

முதலில் ப்ரொஜெக்‌ஷன். உருண்டையான பூமியைத் தட்டையான தாளில் எந்தக் கணக்குப்படி விரித்தார்கள் என்பதே அது. கணினி வரைபடங்களில் இதற்கு எண் உண்டு. சென்னைப் பகுதிக்குப் பொதுவாகப் பயன்படுவது `EPSG:32644`, அதாவது யூடிஎம் 44ஆம் மண்டலம். 78 டிகிரி தீர்க்கரேகைக்கு மேற்கே உள்ள கோயம்புத்தூர் 43இல் வரும். இந்தக் கோப்புக்கு யாராவது 43 என்று முத்திரை குத்திவிட்டால் பள்ளிக்கரணை ஆறு டிகிரி மேற்கே போய், மங்களூருக்கு அப்பால் அரபிக்கடலில் மிதக்கும். என்னைக் கேட்டால் இது நல்ல தவறு. பார்த்தவுடன் தெரிந்துவிடுகிறது.

கெட்ட தவறு கண்ணுக்குத் தெரியாதது. இந்திய நில அளவைத் துறையின் பழைய டோபோஷீட்டுகள் எவரெஸ்ட் என்ற நீள்கோள அளவை அடிப்படையாகக் கொண்டவை. ஜிபிஎஸ் கருவியும் செயற்கைக்கோள் படங்களும் பின்பற்றுவது டபிள்யூஜிஎஸ் 84. பூமியின் வடிவையும் மையத்தையும் இரண்டும் வேறு வேறாக வைத்துக்கொள்வதால், ஒரே இடத்துக்கு இரண்டும் சற்றே மாறுபட்ட அட்ச, தீர்க்க எண்களைத் தருகின்றன. சென்னைப் பக்கம் அந்த வேறுபாடு தரையில் சுமார் 200 மீட்டர். பழைய தாளின் ஓரத்தில் அச்சான எண்களை அப்படியே டபிள்யூஜிஎஸ் 84 என்று பதிவுசெய்தால் சதுப்புநிலம் கடலுக்குள் போகாது. சரியான இடத்தில் இருப்பது போலவே, ஒரு தெரு தள்ளி நிற்கும். எண்ணைப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது, 80.21 என்பது இரண்டு அளவிலும் 80.21தான். சாலைச் சந்திப்பு, கோயில் குளம், ரயில் பாதை எல்லாமே ஒரே திசையில் ஒரே அளவு விலகியிருந்தால் இதைச் சந்தேகிக்கலாம். ஆனால் சதுப்பு எல்லை மட்டும் வரைந்த கோப்பில் ஒத்துப்பார்க்கச் சாலையும் இல்லை, கோயிலும் இல்லை.

அதனால் குறிப்பில் இப்போதைய எண்ணோடு, மூலத்தில் என்ன இருந்தது, எப்படி மாற்றினேன் என்பதும் வேண்டும். கியூஜிஐஎஸ்ஸில் லேயருக்கு எண்ணை ஒட்டுவது ஒரு வேலை, ஆயங்களை உண்மையாகவே மாற்றிக் கணக்கிடுவது இன்னொரு வேலை. முன்னதைச் செய்துவிட்டுப் பின்னதைச் செய்ததாக நினைப்பவர்கள் நிறைய.

தேதியிலும் ஒரு சிக்கல் உண்டு. கோப்பு உருவான நாளைக் கணினியே காட்டும். அது யாருக்கும் தேவையில்லை. தரையை அளந்த ஆண்டு, தாள் அச்சான ஆண்டு, கணினியில் வரைந்த ஆண்டு மூன்றும் வேறு வேறு. செயற்கைக்கோள் படத்திலிருந்து வரைந்திருந்தால் மாதமும் வேண்டும். வடகிழக்குப் பருவமழை கொட்டிய டிசம்பரின் நீர்ப்பரப்பையும் மே மாதத்தின் நீர்ப்பரப்பையும் ஒப்பிட்டு, சதுப்பு சுருங்கிவிட்டது என்று எழுதக் கூடாதல்லவா?

எதற்குப் பயன்படாது என்பதையும் சொல்ல வேண்டும். 1:50,000 தாளில் அரை மில்லிமீட்டர் கோடு தரையில் 25 மீட்டர். கணினியில் எவ்வளவு பெரிதாக்கினாலும் அந்த 25 மீட்டர் குறையாது. அந்தக் கோட்டை வைத்து ஒரு மனையின் எல்லையைத் தீர்மானிக்க முடியாது. அதற்குப் புலப்படம் இருக்கிறது.

நம் கோப்புக்கான குறிப்பு ஏறக்குறைய இப்படி இருந்திருக்கலாம்:

“மூலம்: இந்திய நில அளவைத் துறை டோபோஷீட், 66 டி தொகுதி, 1:50,000. அளந்த ஆண்டு: தாளில் கிழிந்துள்ளது, தெரியவில்லை. மூல அளவு எவரெஸ்ட், `EPSG:32644`க்கு மாற்றப்பட்டது. சாலைச் சந்திப்புகளில் ஒத்துப்பார்த்தபோது 30 மீட்டர் வரை பிசகு. தாளில் சதுப்பு என்று குறித்த பகுதி மட்டும் வரையப்பட்டது. ஒட்டிய ஏரிகள் சேர்க்கப்படவில்லை. சர்வே எண் அளவில் பயன்படுத்த வேண்டாம்.”

‘தெரியவில்லை’ என்று எழுதியிருப்பதைக் கவனியுங்கள். அங்கே உத்தேசமாக ஓர் ஆண்டைப் போட்டிருந்தால், அடுத்தவர் அதை உண்மையென்று எடுத்துக்கொண்டு, சதுப்பு ஆண்டுக்கு இத்தனை ஹெக்டேர் குறைந்தது என்று வகுத்துச் சொல்லியிருப்பார்.

இதைக் கியூஜிஐஎஸ்ஸில் லேயர் பண்புகளுக்குள் ‘மெட்டாடேட்டா’ பக்கத்தில் எழுதலாம். ஷேப்ஃபைல் என்றால் அதை `.qmd` என்ற தனிக் கோப்பாகச் சேமிக்கலாம்; ப்ரொஜெக்‌ஷன் `.prj`இல் இருக்கும். `.shp`, `.shx`, `.dbf` மூன்றை மட்டும் மின்னஞ்சலில் அனுப்பினாலும் படம் திறந்துவிடும், குறிப்பு மட்டும் பழைய கணினியிலேயே தங்கிவிடும். நம் `marsh_final2` வந்ததும் அந்த மூன்று கோப்புகளாகத்தான்.