ஆசை காட்டணுமா, பயம் காட்டணுமா? இரண்டு பாட்டில் மவுத்வாஷ் சொல்லும் ஸ்லோகன் ரகசியம்

'தலைக்கவசம் உயிர்க்கவசம்'. தமிழ்நாட்டில் பைக் ஓட்டும் எல்லோருக்கும் இந்த வாசகம் அத்துப்படி. இதையே 'ஹெல்மெட் இல்லையேல் உயிர் இல்லை' என்றும் எழுதியிருக்கலாம். சொல்லும் விஷயம் ஒன்றுதான். ஆனால் முதலாவது, போட்டால் என்ன கிடைக்கும் என்கிறது. இரண்டாவது, போடாவிட்டால் என்ன போகும் என்கிறது.

விளம்பரத் துறையில் முதல் வகையை 'கெய்ன் ஃப்ரேம்' என்றும், இரண்டாவதை 'லாஸ் ஃப்ரேம்' என்றும் சொல்வார்கள். நாம் லாப வாசகம், நஷ்ட வாசகம் என்றே வைத்துக்கொள்வோம். இதில் எது வேலை செய்யும்? 'பயம் காட்டினாதான் மக்கள் கேட்பாங்க' என்று ஒரு கட்சி, 'பாசிட்டிவ்வா பேசினாதான் பிராண்டுக்கு நல்லது' என்று இன்னொரு கட்சி. இரண்டுமே பாதிதான் சரி. விற்கும் பொருள் என்ன வேலை செய்கிறது என்பதைப் பார்க்காமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

ஒரே நோய், இரண்டு பாட்டில்

இதை அழகாகக் காட்டிய ஆய்வு ஒன்று இருக்கிறது. அலெக்சாண்டர் ராத்மேன், பீட்டர் சலோவே உள்ளிட்ட அமெரிக்க உளவியல் ஆய்வாளர்கள் 1999-ல் வெளியிட்டது. அவர்கள் எடுத்துக்கொண்டது ஈறு நோய். அதற்கு இரண்டு வகை மவுத்வாஷ்.

முதல் பாட்டில், பல்லில் அழுக்குப் படலம் சேராமல் தடுப்பது. இரண்டாவது பாட்டில் எதையும் தடுக்காது. அதில் வாயைக் கொப்பளித்தால், ஏற்கெனவே படிந்திருக்கும் அழுக்கு நிறம் மாறிக் கண்ணாடியில் பளிச்சென்று தெரியும். அதாவது ஒன்று தடுக்கும் பொருள், இன்னொன்று காட்டிக்கொடுக்கும் பொருள்.

ஒவ்வொன்றுக்கும் லாப வாசகம், நஷ்ட வாசகம் என இரண்டு வகைத் துண்டுப் பிரசுரங்கள் தயாராயின. படித்த மாணவர்களிடம், இலவச சாம்பிள் வேண்டுமா என்றும் கேட்டார்கள். தடுக்கும் பாட்டிலுக்கு லாப வாசகம் ஜெயித்தது. காட்டிக்கொடுக்கும் பாட்டிலுக்கு நஷ்ட வாசகம் ஜெயித்தது. வாயும் அதே வாய், நோயும் அதே நோய். பொருளின் வேலை மாறியதும் வாசகமும் மாற வேண்டியிருந்தது.

ஏன் இப்படி? டேனியல் கானமன், ஏமஸ் ட்வெர்ஸ்கி இருவரும் சொன்ன ஒரு விஷயம்தான் இதற்கு அடிப்படை. கிடைக்கப்போவதைப் பற்றி யோசிக்கும்போது நாம் ரிஸ்க் எடுக்க மாட்டோம். கையில் இருப்பதே போதும் என்போம். இழக்கப்போவதைப் பற்றி யோசிக்கும்போதோ துணிந்து ரிஸ்க் எடுப்போம்.

இப்போது பொருளைப் பாருங்கள். சன்ஸ்கிரீன் தடவுவதிலும் பல் துலக்குவதிலும் என்ன ரிஸ்க் இருக்கிறது? ஒன்றும் இல்லை. சும்மா செய்துவிட்டுப் போகலாம். அதனால் லாப வாசகம் பொருந்துகிறது. பரிசோதனை அப்படியா? ரத்தம் கொடுத்துவிட்டு ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கும் நேரம் எப்படி இருக்கும் என்பது உங்களுக்கே தெரியும். நீண்ட கால நோக்கில் நல்லதுதான், ஆனால் இன்றைக்கு ஒரு கெட்ட செய்தி வரலாம். அந்த ரிஸ்க்கை எடுக்க வைக்க, 'போகாவிட்டால் எதை இழப்பாய்' என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

மவுத்வாஷ் சின்ன விஷயம். இதே தர்க்கம் மார்பகப் புற்றுநோயில் என்ன செய்தது என்பதுதான் முக்கியம். 1995-ல் வெளியான ஆய்வு ஒன்றில், 40 வயதைக் கடந்த 133 பெண்களுக்கு மேமோகிராம் பற்றி வீடியோ காட்டினார்கள். பாதிப் பேருக்கு லாப வாசகம், பாதிப் பேருக்கு நஷ்ட வாசகம். அடுத்த 12 மாதங்களில் மேமோகிராம் எடுத்துக்கொண்டவர்கள், நஷ்ட வாசகம் கேட்டவர்களில் சுமார் 66 சதவிகிதம், லாப வாசகம் கேட்டவர்களில் சுமார் 51 சதவிகிதம். வார்த்தையை மாற்றியதில் வந்த வித்தியாசம் இது.

இங்கதான் ட்விஸ்ட்

இதைப் படித்ததும் 'தடுப்புக்கு லாபம், பரிசோதனைக்கு நஷ்டம்' என்று டெஸ்க்கில் எழுதி ஒட்டிக்கொள்ளத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். டேனியல் ஓகீஃப், ஜேகப் ஜென்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இப்படி நடந்த ஆய்வுகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து அலசினார்கள். தடுப்பு பற்றிய அலசல் 2007-ல் வந்தது, பரிசோதனை பற்றியது 2009-ல். மொத்தமாகப் பார்த்தால் வித்தியாசம் மிக மிகச் சிறியது. தடுப்பில் லாப வாசகத்தின் முன்னிலை பெரும்பாலும் பல் பராமரிப்பு ஆய்வுகளில் இருந்து வந்தது. பரிசோதனையில் நஷ்ட வாசகத்தின் முன்னிலை மார்பகப் புற்றுநோய் ஆய்வுகளில் இருந்து வந்தது. சன்ஸ்கிரீன் மாதிரி மற்ற இடங்களில் பெரிய வித்தியாசமே இல்லை.

ஆக, டூத்பேஸ்ட் விற்பவர் பளிச் சிரிப்பைக் காட்டுவதற்கு ஆதாரம் இருக்கிறது. மற்றவர்கள் இதை முதல் யூகமாக மட்டும் எடுத்துக்கொண்டு, இரண்டு வாசகத்தையும் தங்கள் வாடிக்கையாளரிடமே சோதித்துப் பார்ப்பதுதான் சரி.

வாங்கியதும் நாமே அனுபவித்துப் பார்க்கும் பொருள்களில் கதை வேறு. 1988-ல் இர்வின் லெவின், கேரி கேத் இருவரும் மாட்டிறைச்சிக் கொத்துக்கறியை வைத்துச் சோதித்தார்கள். '75% கொழுப்பற்றது' என்ற லேபிள், '25% கொழுப்பு' என்ற லேபிளைவிட நல்ல பெயர் வாங்கியது. கணக்குப் போட்டால் இரண்டும் ஒன்றுதான். ஆனால் சாப்பிட்டுப் பார்த்த பிறகு அந்த வித்தியாசம் குறைந்துவிட்டது. நாக்கு தீர்ப்பு சொன்ன பிறகு லேபிளுக்கு அவ்வளவு மரியாதை இல்லை. மேமோகிராமையோ ஹெல்மெட்டையோ இப்படி ருசி பார்க்க முடியாது. அங்கே வாசகம் தனியாகவே பாரம் சுமக்க வேண்டும்.

துவைக்கும் பவுடர் போன்ற அன்றாடப் பொருளில் எச்சரிக்கை வாசகம் அபத்தமாகத்தான் ஒலிக்கும் என்பது என் கணிப்பு. சட்டைக் கறையால் யாருக்கும் உயிர் போவதில்லை. சர்ஃப் எக்ஸல் 'கறை நல்லது' என்று எதிரியையே நண்பனாக்கியது அந்த இடத்துக்குக் கச்சிதம்.

பயம் மட்டும் போதாது

எச்சரிக்கை வாசகம் எங்கே சறுக்கும் என்பதற்கு ஒரு பழைய ஆய்வு உண்டு. 1965-ல் ஹோவர்ட் லெவன்தாலும் அவரது குழுவினரும் யேல் பல்கலைக்கழக மாணவர்களை டெட்டனஸ் தடுப்பூசி போட வைக்க முயன்றார்கள். சிலருக்குப் பயங்கரமான படங்களோடு கையேடு, சிலருக்குச் சாதுவான கையேடு. பயங்கரக் கையேடு படித்தவர்களிடம் 'போட்டுக்கொள்ள வேண்டும்' என்ற எண்ணம் கூடியது. ஊசி போடப் போனவர்கள் எண்ணிக்கையில் மட்டும் வித்தியாசம் இல்லை!

வேறொன்று வேலை செய்தது. கையேட்டோடு, சுகாதார மையம் எங்கே என்று குறித்த வளாக வரைபடமும், எப்போது போகப் போகிறீர்கள் என்று யோசித்து வைக்கச் சொல்லும் குறிப்பும் சிலருக்குக் கிடைத்தன. அவர்களில் சுமார் 28 சதவிகிதம் பேர் போனார்கள். அது கிடைக்காதவர்களில் சுமார் 3 சதவிகிதம்தான். கடைசி வருட மாணவர்கள், மையம் எங்கே என்று தெரியாதவர்களே இல்லை. ஆனாலும் அந்த வரைபடம் தேவைப்பட்டது.

உங்கள் போனுக்கு வரும் ஹெல்த் செக்கப் மெசேஜ்களை இதை வைத்துப் பாருங்கள். 'உங்கள் இதயம் ஆபத்தில் இருக்கலாம்!' என்று அலறிவிட்டு, கீழே ஒரு லிங்க். பயம் வரும், ஸ்வைப் செய்து தள்ளிவிடுவோம். அதையே இப்படி எழுதலாம்: 'பி.பி. பார்க்காமல் விட்டால், ஆரம்பத்திலேயே கட்டுப்படுத்தும் வாய்ப்பை இழக்கிறீர்கள். சனிக்கிழமை காலை 7 முதல் 10 வரை, உங்கள் தெரு முனை லேப்பில் பார்க்கலாம். 5 நிமிடம் போதும்.' முதல் வரி நஷ்ட வாசகம். அடுத்த இரண்டு வரிகள் அந்த வரைபடம்.