குழாயடி வளையமும் கலிங்கடி நுரையும்

பாத்திரம் கழுவும் தொட்டியில் குழாயை அளவாகத் திறந்துவிட்டுப் பாருங்கள். தண்ணீர் விழும் இடத்தைச் சுற்றி, கண்ணாடித் தகடு போல மெல்லிய நீர் வட்டமாகப் பரவும். கொஞ்ச தூரம் போனதும் திடீரென ஒரு வளையம். அதற்கு வெளியே தண்ணீர் தடித்து, மெதுவாக நகரும். இதே வளையம்தான் ஏரிக் கலிங்கின் அடியில் வெள்ளை நுரையாகப் புரள்கிறது. அது எந்த இடத்தில் புரள்கிறது என்பதைப் பொறுத்தே கலிங்கு நிற்பதும் சரிவதும்.

ஏன் தாவுகிறது?

வளையத்துக்கு உள்ளே ஓடும் மெல்லிய நீரில் விரல் நுனியை வையுங்கள். விரலுக்குப் பின்னால், ஓட்டம் போகும் திசையில் மட்டும் அலை விரியும், எதிர்த்திசையில் ஏறாது. அங்கே தண்ணீரின் வேகம், அதன் மேல் ஓடும் சிற்றலையின் வேகத்தைவிட அதிகம். பரவப் பரவ தண்ணீர் தரையில் உரசி வேகம் இழக்கிறது. முன்னால் கிடக்கும் மெதுவான நீரோடு மோதும் இடத்தில், வேகம் சட்டெனக் குறைந்து உயரம் கூடுகிறது. இதைப் பொறியாளர்கள் ‘நீர்த்தாவல்’ என்கிறார்கள்.

தொட்டியில் ஓடும் படலம் மிக மெல்லியது என்பதால், அங்கே நீரின் பரப்பு இழுவிசைக்கும் பெரிய பங்கு உண்டு என்று 2018-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். கலிங்கில் புவியீர்ப்பே முக்கியம்.

கலிங்கில் ஒரு கணக்கு

கீழ்த்தளத்திலிருந்து கலிங்கின் உயரம் 4 அடி, அதற்கு மேல் ஏரி நீர் 1.5 அடி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். வழிந்து விழும் நீர், தளத்தில் சுமார் 4 அங்குல ஆழத்தில், விநாடிக்கு ஏறக்குறைய 18 அடி வேகத்தில் பாயும். அவ்வளவு ஆழமுள்ள நீரில் சிற்றலையின் வேகம் விநாடிக்கு 3 அடிதான். ஆகவே தாவல் நடக்க வேண்டும். தாவியதும் நீரின் உயரம் சுமார் இரண்டரை அடியாகும். வேகமும் விநாடிக்கு இரண்டரை அடிக்குக் குறைந்துவிடும். விழுந்த நீரின் ஆற்றலில் பாதிக்கு மேல் அந்த நுரைப் புரளலிலேயே கரைந்துபோகிறது. மண்ணைப் பறித்திருக்க வேண்டிய வேகம் கல் தளத்தின் மேலேயே தீர்ந்துவிடுகிறது.

இந்தப் புரளலுக்கு சுமார் 14 அடி நீளம் வேண்டும். தளம் அதைவிடக் குட்டையாக இருந்தால், அடங்காத நீர் மண்ணில் இறங்கும்.

மறுகாலைத் தோண்டினால்…

இன்னொரு நிபந்தனையும் உண்டு. தாவல் தளத்தின் மேலேயே நிற்க, அதற்குக் கீழே மறுகால் ஓடையில் அந்த இரண்டரை அடித் தண்ணீர் நிற்க வேண்டும். தொட்டியிலேயே இதைச் சோதிக்கலாம். போக்குத் துளையை அடைத்தால் வெளிநீர் உயரும். வளையம் சுருங்கிக் குழாய் நீரை நெருங்கும். துளையைத் திறந்தால் வளையம் விலகி ஓடும்.

கலிங்கை ஒட்டி மறுகாலில் மண், மணல் அள்ளும்போது நடப்பதும் இதுவே. ஓடை பள்ளமாகி, அங்கே நிற்கும் நீர்மட்டம் இறங்குகிறது. தாவல் தளத்தைத் தாண்டி வெளியே போகிறது. விநாடிக்கு 18 அடி வேகத்தில் வரும் நீர் நேராக மண்ணை வெட்டும். முதலில் தள விளிம்பில் குழி விழும்; பிறகு தளத்துக்கு அடியில் மண் போகும்; கடைசியில் தளம் உடைந்து, கலிங்கின் அடித்தளமே வெளியே தெரியும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

ஏரி மறுகால் போகும்போது கரையில் நின்று நுரை எங்கே புரள்கிறது என்று பாருங்கள். தளத்தின் மேல் புரண்டால் நல்லது. தளம் முழுக்க வழவழவென நீர் ஓடி, விளிம்புக்கு அப்பால் கலங்கல் நீராகக் குமுறினால் ஆபத்து. ஓட்டம் நின்றதும் விளிம்பில் குழி விழுந்திருக்கிறதா, அடுக்கிய கற்கள் நகர்ந்திருக்கின்றனவா என்று கவனியுங்கள். கடப்பாரையால் தளத்தைத் தட்டினால் வெற்றொலி வரும் இடத்தில் அடிமண் போயிருக்கலாம்.

அப்படி இருந்தால், குழியில் வெறும் மண்ணைக் கொட்டுவது வீண். அடுத்த வெள்ளம் அள்ளிப் போய்விடும். தளத்தை நீட்டுவது, விளிம்பில் குறுக்குச் சுவர் எழுப்பி நீரைத் தேக்குவது, அதற்குக் கீழே பெரிய கற்களை அடுக்குவது ஆகியவையே தீர்வு. அளவுகளை ஏரியைப் பராமரிக்கும் துறையின் பொறியாளர்தான் முடிவு செய்ய வேண்டும். மறுகால் முகப்பில் மண் அள்ளாமல் தடுப்பது ஊர்க்காரர்கள் கையில் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை: கீழ்நீர் மிக உயர்ந்திருக்கும்போது தாவல் மூழ்கிவிடும். மேலே அமைதியாகத் தெரிந்தாலும், மேற்பரப்பு நீர் கலிங்கை நோக்கியே பின்னிழுத்துச் சுழலும். அதில் சிக்கினால் நீச்சல் தெரிந்தவரும் மீள்வது கடினம். கலிங்கு வழியும்போது பிள்ளைகளை அதன் அடியில் குளிக்கவோ மீன் பிடிக்கவோ விடாதீர்கள்.