பவுண் விலைக்குள் ஒளிந்திருக்கும் டொலர்

2022 மார்ச் தொடக்கம் வரை இலங்கை மத்திய வங்கி டொலரை 203 ரூபாய்க்கு மேல் ஏறவிடாமல் பிடித்து வைத்திருந்தது. அந்தப் பிடி தளர்ந்ததும் மே நடுப்பகுதிக்குள் டொலர் 360 ரூபாயைத் தொட்டது. உக்ரைன் போரால் மார்ச்சில் 2,000 டொலரைத் தாண்டிய ஓர் அவுன்ஸ் தங்கமோ மே மாதத்தில் 1,850 டொலர் அளவுக்கு இறங்கிவிட்டது. உலகச் சந்தையில் தங்கம் மலிந்துகொண்டிருக்க, கொழும்பு செட்டியார் தெருவில் பவுண் எட்டாத உயரத்துக்குப் போனது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஓர் அவுன்ஸ் என்பது 31.1 கிராம், பவுண் 8 கிராம். அவுன்ஸ் விலை 1,850 டொலரிலேயே அசையாமல் நின்றதாக வைத்துக்கொண்டால், ஒரு பவுண் சுத்தத் தங்கம் ஏறக்குறைய 476 டொலர். டொலர் 203 ரூபாயாக இருந்தால் அது சுமார் 96,600 ரூபாய். 360 ஆனால் 1,71,300 ரூபாய். வரி, கூலி, சேதாரம் எதையும் இன்னும் சேர்க்கவில்லை.

இங்கே பலரும் தடுமாறுவது சதவீதத்தில்தான். 203இலிருந்து 360 என்றால் ரூபாயின் மதிப்பு சுமார் 44 சதவீதம் விழுந்திருக்கிறது. பவுண் விலையோ 77 சதவீதம் ஏறுகிறது. இரண்டும் ஒரே நிகழ்ச்சிதான். ஒரு பொருளின் மதிப்பு பாதியாகிவிட்டால் அதே சாமானை வாங்க இரண்டு மடங்கு கொடுக்க வேண்டுமல்லவா? அதனால், ரூபாய் எவ்வளவு ஆழமாக விழுகிறதோ அவ்வளவுக்கு இந்த இடைவெளியும் அகலும்.

“பழைய விலைக்கு வாங்கிய நகைக்கு ஏன் புது விலை?” என்று கடையில் சண்டை பிடிப்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி போலத்தான் தெரியும். ஆனால் இன்று ஒரு சங்கிலியை விற்றால், அந்த இடத்தை நிரப்ப நாளை வாங்கும் தங்கத்துக்குக் கடைக்காரர் புது டொலர் விலையைத்தான் கொடுக்க வேண்டும். பழைய விலைக்கு விற்றால் அந்தப் பணத்தில் சங்கிலியில் பாதிக்குச் சற்று மேல்தான் திரும்பி வரும்.

வங்கிப் பலகையில் எழுதியிருக்கும் விகிதத்தை மட்டும் வைத்துக் கணக்குப் பார்த்தாலும் பிழைக்கும். வங்கியில் டொலர் கிடைக்காத நாட்களில் உண்டியல்காரர் கேட்கும் விலைதான் நகைத் தெருவுக்கு விகிதம். உங்கள் கணக்கைவிடப் பவுண் விலை மிக அதிகமாக இருந்தால் வரியைப் பாருங்கள். வரி மாறவில்லையென்றால், டொலருக்கு வெளியே வேறு விலை ஓடுகிறது என்று பொருள்.

இது எதிர்த்திசையிலும் நடக்கும். 2023 மார்ச் தொடக்கத்தில் ரூபாய் வலுத்தபோது இலங்கையில் பவுண் விலை இறங்கியது. ஆகவே விலை ஏறிய செய்தியைப் படித்ததும் கடைக்கு ஓடாமல், அன்றைய அவுன்ஸ் விலையையும் டொலர் விகிதத்தையும் அருகருகே எழுதி, எது அசைந்தது என்று முதலில் பாருங்கள்.